நேராக இழுக்கும் பட்டையில் ஷியர் தகைவு எங்கிருந்து வருகிறது, ஏன் 45°?

"ஒரு பட்டையை அதன் அச்சு வழியாக நேராகத்தான் இழுக்கிறோம். பக்கவாட்டில் எந்த விசையும் இல்லை. அப்புறம் சாய்வான வெட்டில் ஷியர் எங்கிருந்து வருகிறது? வந்தாலும், விசையைப் பிரித்தால் P sinθ. அது 90°-ல்தானே உச்சம் தொட வேண்டும்? புத்தகத்தில் 45° என்று போட்டிருக்கிறது. எனக்கு எங்கே இடிக்கிறது?"

விசையைப் பிரித்தது வரைக்கும் நீங்கள் செய்தது சரி. சாய்வு கூடக் கூட, தளத்தை ஒட்டிய விசை P sinθ கூடிக்கொண்டேதான் போகும். ஆனால் நாம் தேடுவது விசையை அல்ல, தகைவை. தகைவு என்றால் விசையைப் பரப்பால் வகுக்க வேண்டும், அந்தப் பரப்பு நிலையாக இல்லை. வெட்டைச் சாய்த்தால் அதன் பரப்பும் பெரிதாகிறது. முதலில் விசை வேகமாகக் கூடுகிறது, பரப்பு மெதுவாகக் கூடுகிறது. 45°-க்கு அப்பால் பரப்பு முந்திவிடுகிறது.

உங்கள் முதல் சந்தேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பட்டைக்குள் வெட்டு என்று ஒன்றும் கிடையாது. நாம் மனதில் போடும் வெட்டுதான். அதை எந்தச் சாய்விலும் போடலாம். போட்ட பிறகு, ஒரு பக்கத்துத் துண்டை மட்டும் தனியாகப் பாருங்கள். அதன் முனையில் P என்ற இழுவிசை இருக்கிறது. துண்டு நகராமல் நிற்க வேண்டுமானால், வெட்டிய முகத்தில் அதே அளவு விசை எதிர்த்திசையில், அச்சுக்கு இணையாக இருந்தே ஆக வேண்டும். முகம் அச்சுக்குச் செங்குத்தாக இருந்தால் அந்த விசை முழுவதும் முகத்தைப் பிரித்து இழுக்கும் விசை. முகம் சாய்ந்திருந்தால் அதே விசையின் ஒரு பங்கு முகத்தைப் பிரித்து இழுக்கிறது, மறு பங்கு முகத்தோடு சறுக்கப் பார்க்கிறது. பக்கவாட்டு விசை புதிதாக எதுவும் வரவில்லை. உள்ளே இருப்பது அதே இழுப்புதான். பார்க்கும் தளம் மாறியதால் அது இரண்டு பங்காகத் தெரிகிறது.

இனி ஒரு பட்டையை எடுத்துக்கொள்வோம். 40 மி.மீ. அகலம், 25 மி.மீ. தடிமன். குறுக்குவெட்டுப் பரப்பு 1000 சதுர மி.மீ. இழுவிசை 80 கிலோநியூட்டன். நேரான வெட்டில் தகைவு 80 மெகாபாஸ்கல், ஷியர் சுழி. இப்போது அகலத்தின் குறுக்கே, நேர்வெட்டிலிருந்து 30° சாய்த்து வெட்டுவோம். தடிமன் அதே 25 மி.மீ.தான். வெட்டுக் கோட்டின் நீளம் மட்டும் 40 மி.மீ.யிலிருந்து 40/cos30°, அதாவது 46.2 மி.மீ. ஆகிறது. பரப்பு 1154.7 சதுர மி.மீ. தளத்துக்குச் செங்குத்தான விசை 80 cos30° = 69.3 கிலோநியூட்டன், தளத்தை ஒட்டிய விசை 80 sin30° = 40 கிலோநியூட்டன். இரண்டையும் 1154.7-ஆல் வகுத்தால் செங்குத்துத் தகைவு 60 மெகாபாஸ்கல், ஷியர் தகைவு 34.6 மெகாபாஸ்கல்.

இந்த இடத்தில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். 80 மெகாபாஸ்கலை எடுத்து நேரடியாக cos30°, sin30°-ஆல் பெருக்கி 69.3, 40 என்று எழுதிவிடுகிறார்கள். தகைவை விசை போல அம்புக்குறியாக நினைத்துப் பிரிக்கக் கூடாது. தகைவுக்குள் ஒரு விசையும் ஒரு பரப்பும் இருக்கின்றன. தளம் திரும்பும்போது இரண்டுமே மாறும். விசைக்காக ஒரு cosθ, பரப்புக்காக இன்னொரு cosθ. அந்த இரண்டாவதை விட்டுவிட்டால் உங்களுக்குக் கிடைத்த "90°-ல் உச்சம்" என்ற விடைதான் வரும்.

அதே பட்டையில் சாய்வைக் கூட்டிப் பாருங்கள். 45°-ல் பரப்பு 1414 சதுர மி.மீ., ஒட்டிய விசை 56.6 கிலோநியூட்டன், ஷியர் தகைவு 40 மெகாபாஸ்கல். 60°-ல் ஒட்டிய விசை 69.3 ஆகக் கூடிவிட்டது. ஆனால் பரப்பு 2000, எனவே ஷியர் மறுபடி 34.6-க்கு இறங்கிவிடுகிறது. 75°-ல் விசை 77.3 கிலோநியூட்டன், ஏறக்குறைய முழு விசையும் சறுக்கும் விசையாகவே ஆகிவிட்டது. ஆனால் அது 3864 சதுர மி.மீ. பரப்பில் பரவுகிறது, ஷியர் தகைவு வெறும் 20 மெகாபாஸ்கல். 90° என்றால் வெட்டு அச்சுக்கு இணையாக ஓடுகிறது, பட்டையின் இரண்டு முனைகளையும் அது பிரிப்பதே இல்லை. அதன் மேல் ஒரு விசையும் வராது.

இதைச் சூத்திரமாக எழுதினால்:

```
σ  = P / A
σn = P cosθ / (A / cosθ) = σ cos²θ
τ  = P sinθ / (A / cosθ) = σ sinθ cosθ = (σ/2) sin 2θ
```

ஷியர் தகைவில் sinθ, cosθ இரண்டும் பெருக்கலாக நிற்கின்றன. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். 30°-லும் 60°-லும் ஒரே 34.6 வந்தது தற்செயல் அல்ல. கோணத்தை 90°-லிருந்து கழித்தால் sin, cos இடம் மாறிக்கொள்கின்றன, பெருக்கல் மாறுவதில்லை. அப்படி 45°-ன் இரு பக்கமும் ஒத்திருக்கும் வளைவின் உச்சி 45°-லேயே இருக்கும். வகைக்கெழு எடுத்துத்தான் பார்ப்பேன் என்றால், cos2θ = 0, அதே 45°. உச்ச மதிப்பு σ/2.

45°-ல் செங்குத்துத் தகைவு எவ்வளவு? அதுவும் σ/2-தான், சுழி அல்ல. விடைத்தாள்களில் "உச்ச ஷியர் தளத்தில் செங்குத்துத் தகைவு இல்லை" என்ற வரி அடிக்கடி வரும். முறுக்கப்படும் தண்டுக்கு அது பொருந்தும், இழுக்கப்படும் பட்டைக்குப் பொருந்தாது. நம் பட்டையில் 45° தளம் 40 மெகாபாஸ்கல் ஷியரையும் 40 மெகாபாஸ்கல் இழுப்பையும் ஒன்றாகச் சுமக்கிறது. கீழே பசை இணைப்புக்கு வரும்போது இது தேவைப்படும்.

கோணத்தை எங்கிருந்து அளக்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலே உள்ள θ என்பது நேர்க்குறுக்குவெட்டிலிருந்து தளம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. சில கேள்விகளில் "அச்சோடு 30° சாய்ந்த தளம்" என்று கொடுப்பார்கள். அப்போது θ = 60°. ஷியர் எப்படிப் போட்டாலும் 34.6 என்றே வரும், அதனால் தவறு கண்ணில் படாது. ஆனால் செங்குத்துத் தகைவு 60-க்குப் பதில் 20 ஆக இருக்க வேண்டும். சரிபார்க்க ஒரு எளிய வழி: தளம் அச்சை நோக்கிப் படுக்கப் படுக்கச் செங்குத்துத் தகைவு குறைய வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்களின் செங்குத்துத் தகைவுகளைக் கூட்டினால் எப்போதும் σ கிடைக்க வேண்டும். 30° தளத்தில் 60, அதற்குச் செங்குத்தான தளத்தில் 20, கூட்டினால் 80. இது வரவில்லையென்றால் எங்கோ ஒரு cosθ விட்டுப்போயிருக்கிறது.

சரி, உச்ச ஷியர் 45°-ல் என்றால் எல்லாப் பொருளும் 45°-ல்தான் உடைய வேண்டுமா? இல்லை. தகைவு எங்கே அதிகம் என்பது வடிவக் கணக்கு, பொருள் எதுவாக இருந்தாலும் ஒரே விடை. எங்கே உடையும் என்பது அந்தப் பொருள் எதைத் தாங்காது என்பதைப் பொறுத்தது. பட்டையில் ஷியர் எப்போதும் இழுப்பில் பாதிக்கு மேல் போகாது. அதனால் ஒரு பொருளின் ஷியர் வலிமை அதன் இழு வலிமையில் பாதிக்கும் குறைவாக இருந்தால் 45° தளம் முதலில் தோற்கும். பாதிக்கு மேல் இருந்தால் அந்தத் தளம் தாக்குப்பிடிக்கும். நேர்க்குறுக்குவெட்டே முதலில் பிரியும்.

வார்ப்பிரும்பு இரண்டாவது வகை. இழுத்தால் பெரிதாக நீளாமல், ஓரிடத்தில் மெலிந்து கழுத்து விழாமல், அச்சுக்குச் செங்குத்தாகத் தட்டையாக முறியும். மைல்டு ஸ்டீல் முதல் வகை. அதன் நெகிழ்வு, அதாவது விசையை எடுத்தாலும் திரும்பாத நீட்சி, என்பதே படிகங்களுக்குள் அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்குவதுதான், சறுக்க வைப்பது ஷியர்தான். தளத்துக்குச் செங்குத்தான இழுப்புக்கு அதில் ஏறக்குறைய பங்கே இல்லை. 250 மெகாபாஸ்கலில் நெகிழும் எஃகு என்று சொல்லும்போது, 45° தளத்தில் ஷியர் 125 மெகாபாஸ்கலைத் தொட்டதும் அது நெகிழ்கிறது என்றும் அதையே சொல்லலாம். 1864-ல் பிரான்சில் டிரெஸ்கா முன்வைத்த நெகிழ்வு விதியின் உள்ளடக்கமும் இதுதான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நன்றாக மெருகேற்றிய மைல்டு ஸ்டீல் பட்டையைச் சோதனை இயந்திரத்தில் இழுங்கள். நெகிழ்வுப் புள்ளி வந்ததும், விசை காட்டும் முள் லேசாக விழுந்து தடுமாறும் நேரத்தில், பளபளப்பான பரப்பில் மங்கலான சாய்வுப் பட்டைகள் தோன்றும். ஒரு முனையருகே தொடங்கி மெல்லப் பரவும். லூடர்ஸ் பட்டைகள் என்று இவற்றுக்குப் பெயர். உருட்டாலையிலிருந்து வந்த கறுப்புச் செதில் ஒட்டியிருக்கும் பட்டையாக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும், அந்தச் செதில் சாய்கோடுகளாக உதிரும். கோணமானி வைத்து அளந்தால் சரியாக 45° வராமல் போகலாம். மெல்லிய தகட்டில் அச்சோடு 55° வரைகூட வரும். மெல்லிய தகட்டில் லூடர்ஸ் பட்டை உருவாகும்போது, அதற்கு வெளியே இன்னும் நெகிழாத பகுதி, அந்த லூடர்ஸ் பட்டையின் நீளவாக்கில் திரிபு வராமல் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கட்டுப்பாடுதான் கோணத்தைத் தள்ளுகிறது. தகைவுக் கணக்கில் பிழை இல்லை.

உருண்டைக் கம்பியில் இன்னொரு விஷயம். அச்சைச் சுற்றி எல்லாத் திசையும் சமம், அதனால் 45° தளம் ஒன்று அல்ல, எண்ணற்றவை. அவை எல்லாம் சேர்ந்து ஒரு கூம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. முறிந்த மைல்டு ஸ்டீல் கம்பியின் ஒரு துண்டில் கிண்ணம், மறு துண்டில் கூம்பு என்று பார்த்திருப்பீர்கள். கிண்ணத்தின் சாய்ந்த விளிம்பு இந்தத் தளங்கள் வழியே கடைசியில் அறுந்த பகுதி. நடுவில் இருக்கும் தட்டையான சொரசொரப்பு வேறு கதை. கழுத்து விழுந்த பிறகு நடுவில் எல்லாப் பக்கமும் இழுப்பு வந்து, உள்ளே சிறு துளைகள் திறந்து ஒன்றுசேர்ந்ததால் வந்தது அது. கழுத்து விழுந்த இடத்தில் மேலே உள்ள சூத்திரம் செல்லாது. சூத்திரம் கேட்பது நேரான, சீரான பட்டை, அச்சு வழியே போகும் விசை, பிடிப்பிலிருந்தும் துளைகளிலிருந்தும் பட்டை அகலத்தளவாவது தள்ளியிருக்கும் வெட்டு.

சாய்வெட்டுக் கணக்கு உண்மையிலேயே கை கொடுப்பது சாய்வான இணைப்பில். நம் 40 × 25 பட்டையை இரண்டு துண்டுகளாக வைத்துக்கொண்டு எபாக்ஸி பசையால் ஒட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பசைக்கு அனுமதி இழுப்பில் 12, ஷியரில் 8 மெகாபாஸ்கல் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்கிறேன். நேராக வெட்டி முனைக்கு முனை ஒட்டினால் தாங்கும் விசை 12 கிலோநியூட்டன்தான். சாய்த்து ஒட்டினால் இரண்டு வரம்புகள் வரும்: இழுப்புக்கு 12/cos²θ, ஷியருக்கு 8/(sinθ cosθ). இரண்டில் சிறியதுதான் இணைப்பின் திறன்.

சாய்வு குறைவாக இருக்கும்போது இழுப்பு வரம்பு ஆள்கிறது, சாய்க்கச் சாய்க்கத் திறன் ஏறும். tanθ = 8/12 ஆகும் இடத்தில், அதாவது 33.7°-ல், இரண்டு வரம்பும் சமமாகின்றன, திறன் 17.3 கிலோநியூட்டன். அதன் பிறகு ஷியர் ஆள்கிறது, திறன் இறங்கி 45°-ல் 16 ஆகிறது. பாடப்புத்தகக் கணக்குகள் பெரும்பாலும் இங்கேயே "சிறந்த கோணம் 33.7°" என்று முடிந்துவிடும். கேள்வியில் "கோணம் 45°-க்கு மிகாமல்" என்று ஒரு வரி இருந்தால் அது சரி. அந்த வரி இல்லையென்றால் அது தப்பான விடை. 45°-க்கு அப்பால் ஷியர் தகைவு குறைகிறது என்று இப்போதுதானே பார்த்தோம்? 56.3°-ல் திறன் மறுபடி 17.3-க்கு வந்துவிடும், 60°-ல் 18.5, அதற்கு மேல் ஏறிக்கொண்டே போகும். கேள்வி "60° வரை" என்றால் சரியான விடை 60°. பலர் இந்த இடத்தில் மதிப்பெண் இழப்பது சூத்திரம் தெரியாமல் அல்ல, வளைவு மறுபடி ஏறும் என்பதைப் பார்க்காமல்.

படகுப் பலகை ஒட்டுபவர்களும் மர உத்தரம் செய்பவர்களும் செய்வது இதைத்தான். அவர்கள் 1:8 முதல் 1:12 வரை நீண்ட சரிவாகச் சீவி ஒட்டுவார்கள். நம் பட்டையில் 1:10 என்று எடுத்தால், 40 மி.மீ. அகலத்துக்கு 400 மி.மீ. நீளச் சரிவு. வெட்டுக் கோடு 402 மி.மீ., ஒட்டும் பரப்பு 10,050 சதுர மி.மீ. முழு 80 கிலோநியூட்டன் போட்டால் பசையில் ஷியர் 7.92 மெகாபாஸ்கல், இழுப்பு 0.79 மட்டுமே. பட்டையில் 80 மெகாபாஸ்கல் ஓடும்போது 8 மெகாபாஸ்கல் பசை அதைத் தாங்கிவிடுகிறது. பசைகள் பிரித்து இழுப்பதற்குத்தான் அதிகம் அஞ்சும், அந்த இழுப்பு இங்கே நூறில் ஒரு பங்காகிவிட்டது. இதற்கும் வரம்பு உண்டு. சரிவின் முனை கத்தி போல மெல்லியதாக இருக்க வேண்டும். மழுங்கலாக விட்டால் அந்த மழுங்கிய முகம் ஒரு குட்டி நேர்வெட்டு, பிளவு அங்கேதான் தொடங்கும். இணைப்பு பிரிந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் சரிவின் இரண்டு முனைகள்.

அமுக்கத்துக்கு வருவோம். P-யின் திசை மாறினால் சூத்திரத்தில் குறி மட்டும் மாறும், உச்ச ஷியர் அதே 45°. ஆனால் வார்ப்பிரும்பு உருளையை அமுக்கினால் அது இழுப்பில் உடைந்ததுபோலத் தட்டையாக உடையாது, சாய்வாகச் சறுக்கி உடையும். அந்தச் சாய்வு 45° அல்ல. நேர்வெட்டிலிருந்து 55° போல, 45°-ஐவிடச் செங்குத்தாக நிற்கும். காரணம் உராய்வு. இங்கே செங்குத்துத் தகைவு தளத்தைப் பிரிக்கவில்லை, அழுத்திப் பிடிக்கிறது. பிடித்தால் சறுக்கல் கடினம். அதனால் சறுக்குவது ஷியர் உச்சமாக இருக்கும் தளத்தில் அல்ல, ஷியரிலிருந்து உராய்வைக் கழித்தால் மீதி உச்சமாக இருக்கும் தளத்தில். 1773-ல் பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் பாரிஸ் அகாதமியில் வைத்த கட்டுரையின் வழி இது.

எண்ணால் பாருங்கள். அமுக்கம் 100 மெகாபாஸ்கல், உராய்வுக் கோணம் 20°, அதாவது உராய்வுக் குணகம் tan20° = 0.364. 45°-ல் ஷியர் 50, அழுத்தம் 50, உராய்வு 18.2, மீதி 31.8. 55°-ல் ஷியர் 47.0 ஆகக் கொஞ்சம்தான் குறைந்தது, அழுத்தமோ 32.9-க்கு விழுந்துவிட்டது, உராய்வு 12.0, மீதி 35.0. எனவே 55°-தான் ஆபத்தான தளம். பொதுவாக அது 45° + φ/2. இங்கே φ என்பது உராய்வுக் கோணம்.

கல், கான்கிரீட் சோதனையிலும் இதே கதைதான். ஆனால் 150 மி.மீ. கனசதுரத்தின் உடைந்த முகத்தை அளந்து இந்தக் கோணத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். மேலும் கீழும் இருக்கும் எஃகுத் தட்டுகளின் உராய்வு கனசதுரத்தின் முனைகளை விரிய விடாமல் பிடித்துவிடும், கடைசியில் மிஞ்சுவது இரண்டு பிரமிடுகள் நுனியோடு நுனி வைத்ததுபோல ஒரு உருவம். அங்கே தகைவு சீராகவே இல்லை. விட்டத்தைப்போல் இரு மடங்கு உயரமுள்ள உருளையில், முனைகளிலிருந்து தள்ளி நடுப்பகுதியில் ஓடும் விரிசலை அளந்தால்தான் அந்தக் கோணத்துக்கு அர்த்தம் உண்டு.